ஃபண்டு 13.4% ஏறியிருக்கிறது, என் கணக்கில் மட்டும் ஏன் நஷ்டம்?

வருஷ நடுவில் பணம் போட்டு, கொஞ்சம் எடுத்திருந்தால் இந்தக் கேள்வி வரும். ஒரு மியூச்சுவல் ஃபண்டு கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

2025 ஜனவரி 1 அன்று ஒரு லட்சம் போடுகிறோம்; ஒரு யூனிட்டின் விலையான என்.ஏ.வி. 50 ரூபாய். ஜூலை 1-ல் அது 60, நம் பணம் 1,20,000. ஏறுகிறதே என்று அன்றைக்கே இன்னும் 2 லட்சம் போடுகிறோம். அக்டோபர் 1-ல் என்.ஏ.வி. 54-க்கு இறங்க, 3,20,000 என்பது 2,88,000 ஆகிறது. அவசரத்துக்கு 88,000 எடுக்கிறோம். 2026 ஜனவரி 1-ல் என்.ஏ.வி. 56.70, மிச்சம் 2,10,000.

முதல் கணக்கு: டைம் வெயிட்டட் ரிட்டர்ன்

பணம் உள்ளே வந்த, வெளியே போன ஒவ்வொரு நாளிலும் வருஷத்தை வெட்டுங்கள். மூன்று துண்டுகள் கிடைக்கும்: 20% ஏற்றம், 10% இறக்கம், 5% ஏற்றம். இவற்றைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும்.

```
1.20 × 0.90 × 1.05 = 1.134
```

அதாவது 13.4%. ஒரே ஃபண்டு என்றால் இவ்வளவு பாடுகூட வேண்டாம், 56.70-ஐ 50-ஆல் வகுத்தாலே அதே விடை. பல ஃபண்டு, பங்குகள் கலந்த கணக்கில்தான் சிக்கல். பணம் நகர்வதற்குச் சற்று முந்தைய மொத்த மதிப்பு ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு: மணி வெயிட்டட் ரிட்டர்ன்

இதற்கு எக்செல் போதும். நாம் போட்டது மைனஸ், கைக்கு வந்தது பிளஸ். கடைசி வரியில் இன்றைய மதிப்பை, எடுத்துவிட்டதாகவே பாவித்து எழுதுங்கள். பலர் மறப்பது இந்த வரியைத்தான்.

```
A1 2025-01-01   B1 -100000
A2 2025-07-01   B2 -200000
A3 2025-10-01   B3   88000
A4 2026-01-01   B4  210000
=XIRR(B1:B4,A1:A4)
```

விடை சுமார் -1.12%. எல்லா எண்ணும் ஒரே குறியில் இருந்தால் `#NUM!` என்று வரும்.

சரி, ஏன் இவ்வளவு வித்தியாசம்? ரூபாயில் பாருங்கள். 20% ஏற்றத்தின்போது உள்ளே இருந்தது ஒரு லட்சம்தான், லாபம் 20,000. 10% இறக்கம் 3,20,000 மேல் விழுந்ததால் 32,000 போச்சு. கடைசி 5% ஏற்றம் 2 லட்சத்துக்கு 10,000 கொடுத்தது. மொத்தத்தில் 2,000 நஷ்டம்.

ஃபண்டு மேனேஜரை எடைபோட முதல் எண்ணைப் பாருங்கள். நாம் எப்போது பணம் போடுவோம் என்பது அவர் கையில் இல்லை. நம் பணத்துக்கு என்ன ஆனது என்பதை இரண்டாவது எண்தான் சொல்லும்.

அப்புறம், கணக்குத் தொடங்கி சில வாரங்களே ஆகியிருந்தால் XIRR-ஐ நம்ப வேண்டாம். 30 நாளில் வந்த 3% லாபத்தை அது வருஷம் முழுக்க நீட்டி 43% என்று காட்டும்.