விளம்பரக் கணக்கு திரும்பி வந்தது, கன்வர்ஷன் வரவில்லை

ஏஜென்சி கூகுள் ஆட்ஸ் கணக்கைத் திருப்பித் தந்தபோது ஒப்படைப்பு ஆவணமும் தந்தது. அட்மின் அனுமதி, விளம்பரப் படங்கள், எந்தச் சொற்கள் பலன் தந்தன என எல்லாம் இருந்தன. அவர்களுடைய மேனேஜர் கணக்கின் இணைப்பை நீக்கினோம். அதன்பின் கன்வர்ஷன், அதாவது விளம்பரம் வழியே வந்த படிவங்களாகக் கூகுள் ஆட்ஸ் எண்ணிக் காட்டுவது, பூஜ்யம். படிவங்கள் மட்டும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன.

டேக் மேனேஜரைப் பார்த்தேன், டேக் சரியாகவே ஓடியது. குக்கி அனுமதிப் பட்டையைச் சந்தேகித்து அணைத்தும் பார்த்தேன். பயனில்லை.

கடைசியில் டேக்கில் இருந்த `AW-` எண்ணை எங்கள் கணக்கு தரும் `AW-` எண்ணோடு ஒப்பிட்டேன். வேறாக இருந்தது! அது ஏஜென்சியின் மேனேஜர் கணக்குடையது. கன்வர்ஷன்கள் எல்லாம் அங்கேதான் உருவாக்கப்பட்டிருந்தன. இணைப்பு போனதும் அவையும் போயின. `AW-` எண் கணக்கின் வாடிக்கையாளர் எண்ணைப் போல இருக்காது என்பதால் யார் கண்ணிலும் படாது.

எங்கள் கணக்கிலேயே புதிய கன்வர்ஷன் உருவாக்கி, டேக்கில் ஐடி, லேபிள் இரண்டையும் மாற்றினேன். எண்ணிக்கை வரத் தொடங்கியது. அப்பாடா! பழைய கன்வர்ஷன்கள் புதியதற்கு மாறி வராது. தானியங்கி ஏலம் நிதானத்துக்கு வரச் சில வாரம் பிடிக்கும்.

இப்போது ஆவணத்தில் ஒவ்வொரு கன்வர்ஷனுக்கும், ரீமார்க்கெட்டிங் பட்டியலுக்கும் எதிரே ‘எந்தக் கணக்கில் உருவானது’ என்று எழுதித் தரச் சொல்கிறேன். இணைப்பை நீக்குவது அதன்பிறகுதான்.