பெரியம்மாவின் போனில் ஒரு நாவல்: எழுத்து, வெளிச்சம், அடையாளம், குரல்

காவேரிப்பட்டினத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 68. வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இடது கண் இன்னும் முறைக்குக் காத்திருக்கிறது. வார இதழ்த் தொடர்கதைகளோடு வளர்ந்தவர். மாம்பழப் பருவத்தில் ஊருக்குப் போயிருந்தபோது போனை என்னிடம் நீட்டினார். "உன் தம்பி கதைப் புத்தகம் ஒன்று ஏற்றிக் கொடுத்தான். எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி வெளியே ஓடிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இழுத்து இழுத்து விரல் தேய்ந்துவிட்டது" என்றார்.

தம்பி ஏற்றியிருந்தது பிடிஎஃப் கோப்பு. கோளாறு போனிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. அன்று மதியம் உட்கார்ந்து செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு போனுக்கான வழி இது.

முதலில் கோப்பைப் பாருங்கள்

பிடிஎஃப் என்பது அச்சடித்த தாளின் படம் போன்றது. எந்த வரி எங்கே முடிய வேண்டும் என்பது அதில் முன்பே முடிவாகிவிட்டது. இரண்டு விரலால் விரித்தால் தாள் முழுவதும் பெரிதாகிறது. வரி திரைக்கு வெளியே போகிறது. ஈபப் அப்படியல்ல. எழுத்தைப் பெரிதாக்கினால், இடம் போதாத சொல் தானாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும். ஆகவே எழுத்து அளவை மாற்ற விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியது, பெயரின் இறுதியில் `.epub` என்று முடியும் கோப்பை.

தமிழில் இதற்கு எளிய இடம் `freetamilebooks.com`. அங்கே பெரும்பாலான நூல்களுக்கு ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியே கொடுத்திருக்கிறார்கள். ஈபப்பை எடுங்கள். அது இல்லாவிட்டால் 6 அங்குல பிடிஎஃப் பரவாயில்லை. சிறு திரைக்காகவே பக்கம் அமைத்தது. ஏ4 போனுக்கு உதவாது. பழைய நூல்களுக்கு 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டமும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் ஏராளம், ஆனால் அவை பெரும்பாலும் தாளை அப்படியே படம் பிடித்தவை. அவற்றில் எழுத்து அளவை மாற்ற வழியில்லை. போனைப் படுக்கை வாட்டில் திருப்பி, ஓரத்து வெள்ளையை வெட்டிப் படிப்பதுதான் செய்ய முடிந்தது.

படிக்கும் செயலியாக `ReadEra` வைத்தேன். இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கச் சொல்வதில்லை, புத்தகம் போனுக்குள் வந்துவிட்டால் இணையமும் வேண்டாம். பெரியம்மா வீட்டின் பின்கட்டில் சிக்னல் வருவதும் மழை வருவதும் ஒன்றுதான். அதனால் இந்தக் கடைசிக் காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது. முதல்முறை திறக்கும்போது கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்கும். கொடுத்தால் போனில் உள்ள நூல்களைத் தானே பட்டியலிடும்.

எழுத்தை எவ்வளவு பெரிதாக்குவது?

போனின் `Settings`-இல் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, "புத்தகத்தில் மட்டும் மாறவில்லையே" என்று பலர் குழம்புகிறார்கள். அங்கே மாற்றுவது பட்டியல்களுக்கும் குறுஞ்செய்திகளுக்கும்தான். புத்தக எழுத்தைப் படிக்கும் செயலிக்குள்ளேயே மாற்ற வேண்டும். பக்கத்தின் நடுவில் ஒருமுறை தொட்டால் பட்டி வரும்; அதன் வாசிப்பு அமைப்பில் எழுத்து அளவு, வரி இடைவெளி, ஓரம் ஆகியவை இருக்கும்.

எந்த அளவு என்பதற்குத் தமிழிலேயே நல்ல சோதனை இருக்கிறது: மெய்யெழுத்தின் புள்ளி. போனை வழக்கமாகப் பிடிக்கும் தூரத்தில், ஏறக்குறைய ஒரு முழத்தில், பிடித்துக்கொண்டு "கண்", "பட்டம்" போன்ற சொற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லை ஊகிக்கக் கூடாது. புள்ளி தனியாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. பழகிய வாசகர் புள்ளி தெரியாமலே கதையை ஓட்டிவிடுவார், ஆனால் அரை மணி நேரத்தில் நெற்றி வலிக்கும். கண்ணைச் சுருக்காமல் புள்ளி தெரிகிற அளவுக்கு வந்ததும் இன்னும் ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். மாலையில் கண் களைத்தபின் அந்த ஒரு படி வேண்டியிருக்கும்.

அதற்கு மேல் ஏற்றினால் வேறு தொல்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "சொல்லிக்கொண்டிருந்தார்" என்ற ஒரு சொல்லே பாதி வரியைத் தின்றுவிடும். வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கிறது என்றால் அளவு மீறிவிட்டது. இரு ஓரமும் நேராக நிற்கும்படி அமைத்திருந்தால் சொற்களுக்கிடையே பெரிய வெள்ளைப் பள்ளங்கள் விழும். பெரியம்மாவின் போனில் அதுதான் நடந்தது. வரியமைப்பை இடப்பக்கம் மட்டும் ஒட்டும்படி மாற்றினேன்; பள்ளங்கள் மறைந்தன. அப்படியும் நெருக்கடியாக இருந்தால் ஓரத்தைக் குறைக்கலாம், போனைப் படுக்கை வாட்டில் திருப்பலாம்.

வரி இடைவெளியை மறந்துவிடாதீர்கள். மேலே கொக்கி, கீழே சுழி என்று நம் எழுத்து இரு பக்கமும் கை நீட்டும். மேல்வரியின் "கு", "மூ" ஆகியவற்றின் அடியும் கீழ்வரியின் "கி", "மீ" ஆகியவற்றின் தலையும் முட்டாத அளவு வேண்டும். தடித்த எழுத்தை நான் தவிர்த்தேன். "ண", "ஞ" போன்றவற்றின் உள்வளையங்கள் அடைத்துக்கொள்கின்றன.

இரவு வெளிச்சம்

இதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்றைச் செய்துவிட்டு மூன்றும் முடிந்ததாக நினைக்கிறோம். திரையின் நீல ஒளியைக் குறைத்து மஞ்சளாக்குவது முதலாவது. `Settings`-இல் `Display` பகுதியில் `Night Light` என்று இருக்கும். சாம்சங்கில் `Eye comfort shield`, ஷாவ்மியில் `Reading mode`. மாலை 7 மணிக்குத் தானாக வந்து காலை 6 மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிட்டேன்.

ஆனால் மஞ்சளாக்கினால் திரையின் வெளிச்சம் குறைந்துவிட்டது என்று பொருளல்ல. அது இரண்டாவது வேலை. ஒளிவிடும் திரையில் இரவில் படித்தால் தூக்கம் தள்ளிப்போகிறது என்று காட்டிய 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில், பங்கேற்றவர்கள் முழு வெளிச்சத்தில் 4 மணி நேரம் படித்தார்கள். ஆகவே வெளிச்சக் கோட்டையும் கையால் கீழே இழுக்க வேண்டும். கடைசி வரை இழுத்தும் கூசினால், ஆண்ட்ராய்டு 12 முதல் `Accessibility` பகுதியில் `Extra dim` இருக்கிறது.

மூன்றாவது பக்கத்தின் நிறம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துதான் கண்ணுக்கு இதம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்ணுக்குக் கண் மாறும். பெரியம்மாவை ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். புரை உள்ள இடது கண்ணுக்கு வெள்ளைப் பக்கம் மூடுபனிக்குள் வண்டி விளக்கு போலக் கூசியது. கறுப்புப் பக்கத்திலோ அறுவை முடிந்த வலது கண்ணுக்கு எழுத்தின் ஓரம் பிசிறடித்தது. பழுப்பு நிறப் பக்கத்தில் இரண்டும் ஒத்துப்போயின. உங்கள் வீட்டில் விடை வேறாக இருக்கலாம். சோதனை இரண்டு நிமிடம்தான்.

அடையாளம் வைத்தல்

விட்ட இடத்தைச் செயலி தானே நினைவில் வைத்திருக்கும். பிறகு அடையாளம் எதற்கு? பேரப்பிள்ளைகளுக்காகத்தான். போன் அவர்கள் கைக்குப் போய், கீழே உள்ள பக்கக் கோட்டை ஒரு விரல் தள்ளினால் போதும், 12ஆம் அத்தியாயம் 30 ஆகிவிடும். செயலி அந்தப் புது இடத்தை விசுவாசமாக நினைவில் வைத்துக்கொள்ளும். எனவே இரவு மூடும் முன் பட்டியை வரவழைத்து அடையாளக் குறியைத் தொட்டுவிட வேண்டும். மறுநாள் அடையாளப் பட்டியலில் கடைசியாக வைத்ததைத் தொட்டால் நேரே அங்கே போகும்.

பக்க எண்ணை நம்பி நோட்டில் எழுதாதீர்கள். ஈபப்பில் எழுத்து அளவு மாறினால் பக்க எண்ணும் மாறும். நேற்றைய 80ஆம் பக்கம் இன்று 110ஆக இருக்கும். அடையாளம் சொல்லோடு ஒட்டியது, அது நகராது.

கண் களைத்தபின் காது

அதே ஈபப்பைப் போனே வாசித்துக் காட்டும். `Settings`-இன் தேடல் கட்டத்தில் `Text-to-speech` என்று தட்டுங்கள். வாசிக்கும் இயந்திரமாக கூகுளுடையதைத் தேர்ந்து, `Install voice data` வழியாகத் தமிழ்க் குரலை இறக்குங்கள். இதை வைஃபை உள்ள இடத்தில் செய்துகொள்வது நல்லது. பிறகு மொழியைத் தமிழாக்கி, வேகத்தைச் சற்றுக் குறைத்து, மாதிரியைக் கேட்டுப் பாருங்கள். மொழி ஆங்கிலமாகவே இருந்தால் பக்கம் நகரும், குரல் வராது. முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மொழி சரியாக இருந்தும் குரல் வரவில்லை என்றால் கோப்பைச் சந்தேகியுங்கள். ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வாகாவிட்டால் அது வெறும் படம். தேர்வாகி, அதை நகலெடுத்துக் குறுஞ்செய்தியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறதா? யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த நூல் அது. இரண்டையும் இந்தக் குரல் வாசிக்காது. திரையை அணைத்ததும் சில நிமிடத்தில் குரல் நின்றால், அது பேட்டரி சேமிப்பின் வேலை. அந்தச் செயலியின் பேட்டரி அமைப்பை `Unrestricted` ஆக்குங்கள்.

மனிதர் வாசித்த எம்பி3 ஒலிநூல்களுக்குப் பாட்டுச் செயலி சரிப்படாது. பல பாட்டுச் செயலிகள் விட்ட இடத்தை மறந்துவிடும். `Smart AudioBook Player` போன்றது ஒவ்வொரு நூலுக்கும் இடத்தை நினைவில் வைக்கும். குறித்த நிமிடத்தில் தானே நிற்கும் தூக்க நேரமும் அதில் உண்டு. ஒரு நூலுக்கு ஒரு கோப்புறை. கோப்புகளுக்கு 1, 2, 10 என்று பெயரிட்டால் சில செயலிகள் 1-க்குப் பின் 10-ஐ ஓட்டிவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் ஒரு துப்பறியும் கதையின் கொலைகாரனை சூளகிரி வருவதற்குள் எனக்குக் காட்டிக்கொடுத்தது இதுதான். 01, 02 என்று பெயரிடுங்கள்.

இயந்திரக் குரலிடம் நடிப்பை எதிர்பார்க்க வேண்டாம். நாட்டியக் கலைஞரின் முக பாவத்தையும் செய்த பாவத்தையும் அது ஒரே மாதிரிதான் சொல்லும்; எழுத்து ஒன்றுதானே. பெரியம்மா இரண்டு அத்தியாயம் கேட்டார். "இந்தப் பெண்ணுக்கு மூச்சே வாங்கவில்லையே, பாவம்" என்றார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாம் அத்தியாயத்தைத் தாமே படிக்கத் தொடங்கினார்.