பேரலுக்குள் இறுகிப்போன சால்டரிங் அயர்ன் பிட்டை எலிமென்ட் உடையாமல் கழற்றுவது எப்படி?

செம்புப் பிட்டை பேரலுக்குள் செருகி, பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூவால் இறுக்கும் சாதாரண 25 வாட் அயர்னுக்கே இந்தச் செய்முறை பொருந்தும். செராமிக் ஹீட்டரின் மேல் பிட்டை உறைபோல மாட்டும் ஸ்டேஷன் வகைகளுக்கு வேறு முறை தேவை.

பிட் இறுகுவதற்குக் காரணம் கருமை. சூட்டில் செம்பின் மேற்பரப்பு ஆக்சைடாக மாறும்போது அதன் கன அளவு கூடுகிறது. மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் பிட்டுக்கும் குழாய்க்கும் இடையே இருந்த சிறு இடைவெளியை அந்தக் கருந்தூள் அடைத்துவிடுகிறது. சூடாக இருக்கும்போது இழுத்தால் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் செம்பு இரும்பைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும் என்பதால், இரும்புக் குழாய்க்குள் சூடான பிட் மேலும் இறுகவே செய்யும். ஆறிய பிறகுதான் திருக வேண்டும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் இரண்டு மின்முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் ஓம் அளவு பாருங்கள். நைக்ரோம் கம்பி சுற்றிய 230 வோல்ட், 25 வாட் எலிமென்ட் சுமார் 2,100 ஓம் காட்டும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஒப்பிட வேண்டியிருக்கும்.

ஸ்க்ரூவை முழுவதுமாக வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு அயர்னை ஐந்து நிமிடம் சூடேற்றி, பிளக்கைப் பிடுங்கி, கை பொறுக்கும் வரை தானாக ஆறவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்தால், பிட்டும் குழாயும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் கருமைப் படலம் நொறுங்கத் தொடங்கும். அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கக் கூடாது: உள்ளே பீங்கான் இருந்தால் அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும், மைக்காவாக இருந்தால் ஈரம் ஏறும்.

இனி வருவதுதான் எனக்கு நெடுநேரம் பிடிபடாதிருந்த படி. கைப்பிடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பிட்டைத் திருகுவதே எல்லோருக்கும் இயல்பாக வருவது. அப்போது பிட்டோடு சேர்ந்து பேரலும் இம்மியளவு சுழலும். அந்தச் சுழற்சி எலிமென்ட்டின் பின்புறம் கைப்பிடிக்குள் செல்லும் மெல்லிய கம்பிகளை அறுத்துவிடும். ஆகவே பேரலைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் ஸ்க்ரூ இருந்த முன்முனையில் மட்டும். நடுப்பகுதியை பிளேயரால் அழுத்தினால் அதற்கு நேர் கீழே இருக்கும் மைக்காவோ பீங்கானோ நொறுங்கும். நான் முன்முனையைச் சிறிய வைஸில் இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே, நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்குவேன். வைஸ் இல்லாதவர்கள் துணி சுற்றிய பிளேயரைப் பயன்படுத்தலாம்.

திருகுவதற்கு முன் மார்க்கரால் இரண்டு கோடுகள் போடுங்கள்: பிட்டிலிருந்து பேரல் விளிம்புக்கு ஒன்று, பேரலிலிருந்து கைப்பிடிக்கு ஒன்று. இன்னொரு பிளேயரால் பிட்டைப் பிடித்து, இழுக்காமல், வலமும் இடமுமாகச் சிறிது சிறிதாகத் திருகுங்கள். முதல் கோடு விலகினால் பிட் அசைகிறது என்று பொருள். விளிம்பில் கருந்தூள் உதிர்வதையும் காணலாம். இரண்டாவது கோடு விலகினால் உடனே நிறுத்திவிட்டு, மறுபடி சூடேற்றி ஆறவிடுங்கள். நன்றாகச் சுழலத் தொடங்கிய பிறகே, சுழற்றிக்கொண்டே நேராக வெளியே இழுக்க வேண்டும். பக்கவாட்டில் வளைத்தால் பீங்கான் தாங்காது.

வெளிவந்ததும் பேரலின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து விரலால் தட்டுங்கள். மீதமுள்ள தூளை, துணி சுற்றிய குச்சியால் துடைத்தெடுக்கலாம்.

பின்சேர்க்கை: துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். ஸ்க்ரூவே அசையவில்லை என்றால், ஆறிய நிலையில் குச்சி நுனியால் ஒரு சொட்டு வைக்கலாம். துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மறுபடி சூடேற்ற வேண்டும். பேரலுக்குள் அடிப்பதை நான் ஏற்பதில்லை. அது எலிமென்ட் வரை ஊறி, சூட்டில் புகைந்து கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும். சுத்தியலால் தட்டலாமா என்பதற்கும் இதே பதில்தான்: வேண்டாம். இத்தனைக்குப் பிறகும் பிட் அசையாவிட்டால், எலிமென்ட்டோடு பேரலை மாற்றிவிடுவதே மேல். தடித்த பிட்டைத் துளையிட்டு எடுப்பவர்கள் உண்டு என்றாலும், செம்பில் டிரில் சட்டென்று கவ்விப் பேரலையே முறுக்கிவிடும் என்பதால் தொடக்கநிலையினருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக மீண்டும் ஓம் அளவு பாருங்கள். முன்பு வந்த எண்ணே வந்தால் எலிமென்ட் நலம். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. மின்முனை ஒவ்வொன்றுக்கும் பேரலுக்கும் இடையே மீட்டரை உயர்ந்த ரேஞ்சில் வைத்துப் பார்க்கையில் ஏதேனும் அளவு வந்தால், அந்த அயர்னை மின்சாரத்தில் செருகவே கூடாது.