படத்தில் உள்ள கூந்தலுக்கு மல்லிகைச் சரம் சூட்டுவது எப்படி

பின்னலிட்ட பெண், முகம் முக்கால்வாசி நம் பக்கம், இடப்புற ஜன்னலிலிருந்து வெளிச்சம். இப்படி ஒரு படத்துக்கு GIMP மென்பொருளில் பூ வைத்துப் பார்ப்போம்.

முதலில் பூவை நீங்களே படமெடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பூப்படங்களில் வெளிச்சம் வேறு திசையிலிருந்து வந்திருக்கும். அதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. நெருக்கமாகக் கட்டிய ஒரு முழம் சரத்தைக் கறுப்புத் துணி போர்த்திய சொம்பின் மேல் வளைத்து வைத்து, இடப்புற ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். கறுப்புத் துணிக்குக் காரணம் உண்டு: வெட்டும்போது ஓரத்தில் கொஞ்சம் துணி ஒட்டிக்கொண்டாலும் கருங்கூந்தலோடு கலந்துவிடும். வெள்ளைத் துணியென்றால் பூவின் ஓரமே தெரியாது.

முகப்படத்தைத் திறந்து, File > Open as Layers வழியாகப் பூப்படத்தை மேலே கொண்டுவாருங்கள். Layer > Mask > Add Layer Mask கொடுத்து, துணி இருக்கும் இடங்களை மாஸ்கில் கறுப்பு பிரஷால் மறையுங்கள். அழிப்பானைத் தொடவேண்டாம். மாஸ்கில் தவறி மறைத்ததை மீட்கலாம்.

இப்போது அளவு. ஒரு மொட்டை அந்தப் பெண்ணின் கண்ணோடு ஒப்பிடுங்கள். மொட்டு கண்ணைவிட நீளமாக இருந்தால் சரம் பெரிது. அளவு சரியானதும் Layer > Mask > Apply Layer Mask கொடுத்து மாஸ்கைப் பூப்படத்தோடு சேர்த்துவிடுங்கள்; இல்லையென்றால் பூ வளையும், மாஸ்க் வளையாது. அப்புறம் Warp Transform எடுத்துத் தலையின் வளைவுக்கு ஏற்பச் சரத்தை வளையுங்கள். தலைக்குப் பின்னால் திரும்பும் இடத்தில் பூக்கள் நெருங்கிக் குறுகித் தெரிய வேண்டும்.

இனி நிறம். பூ ஒட்டவைத்ததுபோல் தெரிவதற்கு முதல் காரணம் அதன் அதிகப்படியான வெண்மைதான். அதே படத்தில் வெளிச்சம் படும் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது லேசாக மஞ்சளடித்திருந்தால் பூவும் அப்படியே இருக்க வேண்டும். பூ அடுக்கைத் தேர்ந்தெடுத்து, Colors > Curves திறந்து வளைகோட்டின் வலது மேல் முனையைச் சற்றுக் கீழே இறக்குங்கள். Blue கோட்டையும் கொஞ்சம் தாழ்த்தினால் மஞ்சள் சாயல் வரும்.

அடுத்தது நிழல். கவனம் வேண்டிய இடம் இது. பூ அடுக்குக்குக் கீழே புதிய அடுக்கு ஒன்றைச் சேர்த்து, அதன் Mode பெட்டியில் Multiply வையுங்கள். கூந்தலின் ஆழ்ந்த நிறத்தை எடுத்து, சரத்தின் வலப்புறத்திலும் அடியிலும் மெல்லிய கோடாகத் தீட்டி, Gaussian Blur கொடுங்கள். சரத்தை ஒட்டிய இடம் அடர்த்தியாகவும் தள்ளிப்போகப்போக மங்கலாகவும் இருக்கட்டும். எல்லாப் பக்கமும் ஒரே நிழல் விழுந்தால் பூ தலையில் அமராமல் மிதக்கும்.

கடைசியாக முடி. பூ அடுக்குக்குப் புதிய வெள்ளை மாஸ்க் ஒன்றைச் சேர்த்து, அதில் 1 அல்லது 2 பிக்சல் பிரஷால் கறுப்புக் கோடுகள் நாலைந்து இழுத்தால், அந்த இடங்களில் கீழிருக்கும் கூந்தல் எட்டிப்பார்த்து, முடியிழை பூவின்மேல் விழுந்ததுபோல் ஆகும். கோடுகள் கூந்தல் வாரிய திசையிலேயே போகட்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னல் மங்கலாக இருக்கும் படத்தில் பூ மட்டும் கூர்மையாகத் தெரிந்தால், மாஸ்கை விட்டுப் பூப்படத்தையே தேர்ந்தெடுத்து, அதற்கும் அதே அளவு மங்கலாகும்படி Gaussian Blur கொடுக்க வேண்டும்.