ஒரு ரீலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஃபாலோயரை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது எப்படி

செக்கு எண்ணெய் விற்கும் சின்னக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் 1.8 லட்சம் ஃபாலோயர் உள்ள ஒரு சமையல் கிரியேட்டர், ஒரு ரீலுக்கு ₹30,000 கேட்கிறார். நியாயமான விலையா?

முதலில் அவர் பக்கத்துக்குப் போய், ஏற்கெனவே செய்த விளம்பர ரீல்களை மட்டும் தேடுங்கள். மேலே பின் பண்ணி நிறுத்தி வைத்தவற்றை விட்டுவிடுங்கள். நன்றாக ஓடியதைத்தான் அங்கே வைப்பார்கள். கடைசி ஏழு விளம்பர ரீல்களின் வியூஸ், ஆயிரத்தில்: 9, 11, 14, 15, 16, 19, 140. சராசரி எடுத்தால் 32 ஆயிரம் வரும். அந்த 140 எப்போதோ ஒருமுறை அடித்த அதிர்ஷ்டம். வரிசையின் நடுவில் இருக்கும் 15 ஆயிரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பார்ப்பவர்கள் யார்? கமெண்டைத் திறந்து பாருங்கள். "சூப்பர் அக்கா", நெருப்பு எமோஜி மட்டும் வரிசையாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். "லிட்டர் என்ன விலை?", "மதுரைக்கு அனுப்புவீங்களா?" என்று நாலு பேர் கேட்டிருந்தால் அது வாங்குகிற கூட்டம். பிறகு, பழைய விளம்பர ரீல் ஒன்றை எந்த நாட்டுக்காரர்கள் பார்த்தார்கள் என்று காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தை ஸ்க்ரீன் ரெக்கார்டிங்காகக் கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் எண்ணை மாற்றுவது ரொம்பச் சுலபம்.

அதில் இந்தியா 60% என்று இருக்கிறது. மீதி மலேசியா, இலங்கை, வளைகுடா. நம் கடை வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. ஆக நமக்குப் பயன்படுவது 9,000 வியூஸ். ₹30,000-ஐ இதற்கு வகுத்தால், ஆயிரம் வியூஸுக்கு ₹3,300-க்கு மேல். இன்னொருவருக்கு 24,000 ஃபாலோயர்தான். நடு எண் 12,000, இந்தியா 90%, கேட்பது ₹8,000. ஆயிரத்துக்கு சுமார் ₹740.

இப்போது பேரம். "ரேட் ஜாஸ்தியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே முறியும். கணக்கைக் காட்டி, வேறு வடிவம் கொடுங்கள்:

"வணக்கம் சிஸ்டர். உங்க விளம்பர ரீல்ஸ் பெரும்பாலும் 15,000 பக்கம் போகுது, அதுல இந்தியா 60%. எங்களுக்கு டெலிவரி இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனால ₹10,000 முன்பணம், உங்க கூப்பன்ல வர்ற ஒவ்வொரு ஆர்டருக்கும் ₹50 தர்றோம். சரிவருமா?"

ஆர்டருக்கு ₹150 லாபம் நிற்கிறது என்றால், ₹50 போக ₹100. முன்பணத்தை எடுக்கவே 100 ஆர்டர் வேண்டும். 9,000 வியூஸில் அது கடினம். அதனால் ₹10,000-க்கு மேல் ஏறாதீர்கள். மறுத்தால் இரண்டாமவரிடமே போகலாம். ஆனால் அவருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கூப்பன் கணக்கும் முழுசாக வராது. ரீலைப் பார்த்துவிட்டுப் பத்து நாள் கழித்து நேராக வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுபவர் கூப்பனைச் சொல்லவே மாட்டார். "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய ரீலையே எடுத்து நீங்கள் பணம் கட்டி விளம்பரமாக ஓட்டப் போகிறீர்கள் என்றால், அதற்குத் தனி விலை உண்டு; எத்தனை நாள் என்பதையும் ரீல் எடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.