அமாவாசைத் தர்ப்பணம்: ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சொந்தக்காரர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே போன் பண்ணி, "எள்ளு, தர்ப்பையெல்லாம் நாங்களே வாங்கிட்டு வரணுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வேண்டாம். எள்ளும் தர்ப்பையும் காவிரிக்கரையில் இருக்கும் அம்மா மண்டபப் படித்துறை வாசலிலேயே கிடைக்கும். நீங்கள் கொண்டு வர வேண்டியது பெயர்கள். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, அவருக்கு மாமியார். அப்புறம் அம்மா பிறந்த வீட்டில் இதே போல ஆண்கள் மூன்று, பெண்கள் மூன்று. மொத்தம் பன்னிரண்டு பெயர். மந்திரம் சொல்லித் தர்ப்பணம் செய்துவைக்கும் வாத்தியார் முன்னால் உட்கார்ந்த பிறகு தாய்வழிக் கொள்ளுப்பாட்டி பெயருக்காக மெல்போர்னில் தூங்கிக்கொண்டிருக்கும் மாமாவை எழுப்புவது அம்மா மண்டபத்தில் நாள்தோறும் நடக்கும் காட்சி. ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் வேண்டாம், கை ஈரமாக இருக்கும்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடக்கூடாது. போன ஆடி அமாவாசைக்கு டொராண்டோவிலிருந்து வந்த என் அத்தை மகன் கையில் பன்னிரண்டு பெயரும் அழகாக டைப் செய்த தாள் இருந்தது. மாமா தவறிவிட்டார், ஆனால் அத்தை நன்றாக இருக்கிறார். தாளில் அத்தை பெயரும் வரிசையில் இருந்தது. நல்லவேளை, வாத்தியார் தொடங்குவதற்கு முன்னால், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டார். அம்மா இருந்தால் பெண்கள் வரிசை பாட்டியிலிருந்து தொடங்கும், அதாவது அப்பாவின் அம்மா, அப்பாவின் பாட்டி, அப்பாவின் கொள்ளுப்பாட்டி என்று ஒரு தலைமுறை மேலே நகரும். ஆகவே அவனுக்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டது, அது யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாவிட்டால் உறவுமுறையை மட்டும் சொல்லித் தர்ப்பணம் செய்ய வழி உண்டு, கோத்திரம் தெரியாவிட்டால் காசியப கோத்திரம் என்றோ சிவ கோத்திரம் என்றோ வாத்தியாரே சேர்த்துக்கொள்வார். அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கூட்டமான நாளில் பத்துப் பேரை வரிசையாக உட்கார வைத்து மொத்தமாக மந்திரம் சொல்லும் வாத்தியாருக்கு ஒவ்வொருவரிடமும் விசாரிக்க நேரம் இருக்காது, நீங்களே முந்திக்கொண்டு "அம்மா இருக்காங்க" என்றோ "அம்மா வழித் தாத்தா இருக்கார்" என்றோ சொல்லிவிடுங்கள்.

அப்பா இருப்பவர்கள் அமாவாசைத் தர்ப்பணமே செய்வதில்லை. அம்மா தவறி அப்பா இருந்தால் அம்மாவுக்கு வருடத் திதி மட்டும்தான். ஈழத்து வீடுகளில் வழக்கம் வேறு: ஆடி அமாவாசை அப்பாவுக்கு, சித்திரா பௌர்ணமி அம்மாவுக்கு என்று விரதம் பிடிப்பார்கள், அவர்கள் தங்கள் வழக்கப்படியே செய்யட்டும். மகன் இல்லாத வீட்டுப் பெண்கள் பலர் பச்சரிசி, வாழைக்காய், வெல்லம், தட்சிணை வைத்துத் தானம் கொடுப்பார்கள். பெண்கள் தாமே எள் இறைக்கலாமா என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். படித்துறையில் வைத்து அந்த விவாதத்தைத் தொடங்கினால் முடியாது.

அடுத்தது தேதி. உங்கள் ஊர்க் கோயிலில் கொடுத்த காலண்டரைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். 2026இல் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12, புதன்கிழமை. இங்கே அன்று விடிவதற்கு முன்னமே திதி தொடங்கி இரவு 11 மணி வரை இருக்கிறது. அதே திதி டொராண்டோக் கடிகாரப்படி 11ஆம் தேதி மாலையே தொடங்கி 12ஆம் தேதி மதியத்துக்கு மேல் முடிந்துவிடும். அங்கே அச்சிட்ட காலண்டரில் நாள் முன்னே பின்னே இருந்தால் அது தப்பில்லை, அது அந்த ஊருக்கான கணக்கு. எந்த ஊரில் செய்கிறீர்களோ அந்த ஊர்ப் பஞ்சாங்கம்தான் செல்லும். இன்னொன்று, அன்றைக்குச் சூரிய கிரகணம் இருக்கிறதே என்று லண்டன்காரர்கள் கேட்பார்கள். அது நடக்கும் நேரம் நமக்கு இரவு. இந்தியாவில் தெரியாது, அதனால் கிரகணத் தர்ப்பணம், கிரகண விதி எதுவும் இங்கே இல்லை.

அம்மா மண்டபத்தில் தண்ணீர் இருக்குமா என்பதும் தேதியைப் பொறுத்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். மாசியிலிருந்து வைகாசி வரை வந்தால் காவிரி மணல்வெளியாகக் கிடக்கும், எங்கோ ஒரு ஓரமாக வாய்க்கால் மாதிரி ஓடும், குளியல் குழாயடியில்தான். மாறாக ஆடியில் கர்நாடகத்தில் நல்ல மழை பெய்து மேட்டூர் நிரம்பிவிட்டால் தண்ணீர் படிகளை மூடி ஓடும், தடுப்புப் போட்டு ஆற்றில் இறங்க விடமாட்டார்கள். அப்போது போலீஸ்காரரிடம் "கனடாவிலிருந்து வந்திருக்கோம்" என்று வாதாடிப் பயனில்லை, மண்டபத்திலேயே உட்கார்ந்து சொம்புத் தண்ணீரில் செய்துவிட்டு வரலாம், தர்ப்பணத்துக்கு அது போதும்.

முடி வெட்டுவது, சவரம் எல்லாம் முந்தின நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள், அமாவாசையன்று கூடாது. பாஸ்போர்ட், நகை எல்லாம் தங்கும் இடத்தில் இருக்கட்டும். எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான்: மாற்று வேட்டி, இரண்டு துண்டு, ஒரு சொம்பு, ஒரு சின்னத் தாம்பாளம், பெயர்த்தாள், பத்து ஐம்பது நூறு ரூபாய் நோட்டுகளாக ரொக்கம். சொம்பு பித்தளையோ செம்போ இருந்தால் நல்லது. வாசல் கடையில் கறுப்பு எள் ஒருவருக்கு 50 கிராம் தாராளம். விரலில் மாட்டிக்கொள்ளும் தர்ப்பைப் பவித்திரமும், தர்ப்பையை முடிந்து செய்த கூர்ச்சமும் பெரும்பாலும் வாத்தியாரே கொடுப்பார். பவித்திரத்தில் மூன்று புல் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு புல் பவித்திரம் சுப காரியத்துக்கு, ஒற்றைப் புல் சாவுச் சடங்குக்கு. அவசரத்தில் மாறிப்போவது உண்டு. எள்ளைக் கையோடு கை வாங்கும் பழக்கம் இல்லை, கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் 1ஆம் நம்பர் பஸ் அம்மா மண்டபம் வழியாகத்தான் போகும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ஆட்டோவும் பஸ்ஸும் படித்துறை வரை வராது, கொஞ்சம் நடக்கத் தயாராக வாருங்கள், விடிந்ததும் வந்துவிட்டால் உத்தமம். இறங்கியதுமே இரண்டு மூன்று பேர் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். உட்காருவதற்கு முன் தட்சிணை எவ்வளவு, அதில் பிண்டம் உண்டா, சாமான் சேர்த்தா என்று பேசி முடித்துவிடுங்கள். வெறும் தர்ப்பணம் வேறு, பச்சரிசி மாவில் எள் சேர்த்துப் பிண்டம் பிடித்து வைப்பது வேறு, செலவும் வேறு. அமாவாசைக்குத் தர்ப்பணம் மட்டும் போதும். பாதியில் யாராவது "உங்க குடும்பத்துல பித்ரு தோஷம் இருக்கு, தனியா ஒரு பூஜை பண்ணணும்" என்று ஆரம்பித்தால் வந்த வேலையை மட்டும் முடித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். வெளிநாட்டு முகத்தைப் பார்த்ததும் தோஷம் கண்டுபிடிப்பவர்கள் எல்லாப் படித்துறையிலும் இருக்கிறார்கள்.

குளித்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஈரத்துணியோடு செய்வதென்றால் தண்ணீருக்குள் நின்று தண்ணீரில் விட வேண்டும். உலர்ந்த வேட்டி கட்டிக்கொண்டால் கரையில் உட்கார்ந்து, தரையிலோ தாம்பாளத்திலோ விட வேண்டும். கரையில் நின்றுகொண்டு ஆற்றுக்குள் இறைப்பதும், ஆற்றில் நின்றுகொண்டு கரையில் விடுவதும் கூடாது. படிகளில் பாசி வழுக்கும் என்பதால் வயதானவர்களுக்குக் கரைதான் நல்லது.

தெற்கே பார்த்து உட்கார வேண்டும். பூணூல் போட்டவர்கள் அதை வலது தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். தர்ப்பையின் நுனி தெற்கே இருக்கும்படி போட்டு, அதன் மேல் கூர்ச்சத்தை வைத்து எள்ளைத் தூவிப் பித்ருக்களை அழைப்பது முதல் படி. பிறகு ஒவ்வொரு பெயருக்கும் மும்மூன்று முறை. வலது உள்ளங்கையில் எள்ளை வைத்து, இடது கையால் சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டு, கையை வலப்பக்கமாகச் சரித்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் வழியாக எள்ளும் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். அதுதான் பித்ரு தீர்த்தம். பழக்கமில்லாதவர்களுக்கு விரல் நுனி வழியாக வழியும், அது தேவர்களுக்கான வழி. முதல் மூன்று முறை தவறினாலும் கை சீக்கிரம் பழகிவிடும். எள் ஈரத்தில் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வெறும் தண்ணீர் மட்டும் விழுவதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு, அதனால் எள்ளைக் கொஞ்சமாக எடுத்துத் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

பன்னிரண்டு பேர் முடிந்ததும் சித்தப்பா, பெரியம்மா, குழந்தையில்லாமல் போன அத்தை, நெருங்கிய நண்பர் என்று உங்களுக்கு வேண்டியவர்கள் பெயரைச் சொல்லி விடலாம். இதற்கு வாத்தியார் நிறுத்தாமல் போனால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் கூர்ச்சத்தைப் பிரித்து, எள் இறைக்க யாருமே இல்லாதவர்களுக்காக ஒரு தடவை தண்ணீர் விட்டுப் பவித்திரத்தையும் அவிழ்த்துப் போட்டால் முடிந்தது. மொத்தம் அரைமணி நேரம்.

கட்டியிருந்த துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தர்ப்பண விதியில் அப்படி ஒன்றும் கிடையாது, அந்தத் துணிகள்தான் படியில் சுற்றி அடுத்தவர் காலை வாருகின்றன. எள் வாங்கிய பிளாஸ்டிக் பையும் உங்களோடு திரும்பி வரட்டும். வெளியே அகத்திக்கீரைக் கட்டு விற்பார்கள், வாங்கி அங்கே நிற்கும் மாட்டுக்குக் கொடுக்கலாம்.

தர்ப்பணம் முடியும் வரை சாப்பிடுவதில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் பாலோ காபியோ குடித்துவிட்டு வருவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அன்று சமையலில் வெங்காயம், பூண்டு கிடையாது, வாழைக்காய், புடலங்காய், பாகற்காய் என்று நாட்டுக் காய்தான். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் தர்ப்பணம் முடியும் வரை அவர்கள் வாசலில் கோலம் இருக்காது, பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். ஓட்டலில் தங்கியிருப்பவர்கள் சாதமும் பருப்பும் கொஞ்சம் நெய்யும் தனியே வாங்கி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு வைத்துவிட்டு அப்புறம் சாப்பிடலாம். கேட்டால் ஓட்டல்காரர்களே இலைத்துண்டில் வைத்துக் கொடுப்பார்கள், திருச்சியில் அவர்களுக்கு இது புதிதில்லை.

ஆகஸ்டில் லீவு கிடைக்காதவர்களுக்கு அடுத்த பெரிய அமாவாசை மகாளயம், 2026இல் அக்டோபர் 10, சனிக்கிழமை. காவிரியில் அப்போதும் தண்ணீர் ஓடும் காலம்தான், ஆனால் சனிக்கிழமை என்பதால் உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், ஸ்ரீரங்கத்தில் அறை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.