நெறியாளருடன் முதல் சந்திப்பு: நிகழ்ச்சி நிரலைத் திருத்திய விதம்

தருமபுரிப் பகுதிக் கிணற்று நீரின் ஃபுளூரைடு குறித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக நெறியாளரை முதன்முறை சந்திக்கும் முன், நிரலில் ‘மாதிரி சேகரிப்பு பற்றிப் பேசுதல்’ என்றிருந்த வரியை நீக்கிவிட்டு, அவர் முடிவு சொல்லக்கூடிய வடிவில் இப்படி எழுதினேன்: “வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் மாதிரி எடுப்பதா, ஒரே பருவத்தில் கூடுதல் கிணறுகளைச் சேர்ப்பதா? மழைநீர் ஊறுவதால் செறிவு மாறக்கூடும் என்பதால் முதல் வழியைப் பரிந்துரைக்கிறேன். செப்டம்பருக்குள் முடிவு தேவை.” பரிந்துரை இருந்தால், மறுப்பவரும் காரணம் சொல்லித்தான் மறுப்பார்.

முன்னேற்றச் சுருக்கத்தில், படித்த கட்டுரைகளின் பட்டியலுக்குப் பதிலாக, அவற்றிலிருந்து தெளிவானதையும் இன்னும் தெளியாததையும் சில வரிகளில் தந்தேன். குடிநீரில் ஃபுளூரைடுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரும் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீர் கிடைக்காதபோது அனுமதிக்கும் அளவு 1.5 மி.கி./லிட்டர் என்ற இரு வரம்புகளில் எதை வைத்துக் கிணறுகளை வகைப்படுத்துவது என்பதைக் கேள்வியாகத் தனியே வைத்தேன்.

பேராசிரியர்களுக்குத் தொலைபேசி ஓய்வதில்லை; பேச்சு பாதியில் நின்றுவிடலாம். ஆகவே முடிவு தேவைப்பட்டதையே நிரலின் உச்சியில் வைத்து, முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பினேன். இரு பருவங்களுக்கும் ஒப்புக்கொண்ட அவர், கிணறுகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார். இந்த முடிவுகளை அன்று மாலையே எழுதி அவருக்கு அனுப்பினேன்.